ஆழ்வார்பேட்டை மொட்டை மாடியில் ஒரு மழைக் கணக்கு

டி.டி.கே. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங். மேலே எட்டு வீடுகள். ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் அதன் மொட்டை மாடியில் அளவு நாடாவோடு நின்றார்கள். கூட்டி வந்தவர் அவர்களின் கணக்கு மிஸ். அதே குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வசிப்பவர்.

மழைநீர் சேகரிப்பு என்றால் பிள்ளைகளுக்கு போஸ்டர் வரையத் தெரியும். மேகம், வீடு, குழாய், கீழே ஒரு தொட்டி, மூலையில் சிரிக்கும் நீர்த்துளி. "அதெல்லாம் அழகா இருக்கு. ஆனா இந்த மாடியில வருஷத்துக்கு எத்தனை லிட்டர் விழுதுன்னு யாருக்காவது தெரியுமா?" என்று மிஸ் கேட்டதற்கு, ஆயிரத்திலிருந்து கோடி வரை பதில் வந்தது.

முதல் வேலை அளப்பது. நீளம் 18 மீட்டர், அகலம் 12.5 மீட்டர். பெருக்கினால் 225 சதுர மீட்டர். உடனே ஒரு பையன், "படிக்கட்டு ரூம், வாட்டர் டேங்க் இதையெல்லாம் கழிக்கணும் மிஸ்" என்றான். பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது. படிக்கட்டு அறையின் தலையில் விழும் மழையும் வழிந்து மாடிக்குத்தானே வருகிறது? மூடிய டேங்க் மேல் விழுவதும் அப்படித்தான். வானத்திலிருந்து நேராகக் கீழே பார்த்தால் தெரியும் பரப்புதான் கணக்கு. நடுவில் என்ன மேடு இருந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கழிக்க வேண்டியிருந்தது. பாத்ரூம் குழாய்கள் இறங்குவதற்காக விட்ட ஓ.டி.எஸ். திறப்பு. அதில் விழும் மழை மாடியைத் தொடாமலே தரைக்குப் போய்விடும். 2.5 மீட்டருக்கு 2 மீட்டர், ஆக 5 சதுர மீட்டர். மிச்சம் 220.

220 சதுர மீட்டர் என்பது சென்னைக்காரர்கள் கணக்கில் ஏறக்குறைய ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. அதைச் சொன்னதும்தான் பிள்ளைகளுக்கு அந்த எண் வீட்டுக்குள் பேசும் எண்ணாக மாறியது.

அடுத்தது மழை. செய்தியில் 'நுங்கம்பாக்கத்தில் 40 மில்லிமீட்டர் மழை பதிவானது' என்று வாசிக்கிறார்களே, அது நீளத்தின் அளவு. தண்ணீரை நீளத்தால் எப்படி அளப்பது? மிஸ் சாக்பீஸால் தரையில் ஒரு மீட்டர் சதுரம் வரையச் சொன்னார். அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, எங்கும் ஓடவில்லை என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு? சதுரத்தின் பரப்பு 10,000 சதுர சென்டிமீட்டர். உயரம் 0.1 சென்டிமீட்டர். பெருக்கினால் 1,000 கன சென்டிமீட்டர். சரியாக ஒரு லிட்டர்.

இந்த ஒரு வரி மனதில் நின்றால் மற்றதெல்லாம் வெறும் பெருக்கல். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு லிட்டர். சென்னைக்கு வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அந்த மாடியில் விழுவது 220 × 1,400. அதாவது 3,08,000 லிட்டர்.

விழுவதெல்லாம் குழாய்க்கு வராது. தட்டோடு பதித்த மாடி முதலில் தான் குடிக்கும். வெயில் கொஞ்சத்தை ஆவியாக்கும். தூறலாகப் போட்டு நின்றுவிடும் மழை, வாய்க்கே வந்து சேராது. அதனால் கான்கிரீட், தட்டோடு மாடிகளுக்கு நூற்றுக்கு 80 பங்கு வழிந்து வரும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இதை வழிந்தோடும் விகிதம் என்பார்கள். 3,08,000-ஐ 0.8-ஆல் பெருக்க, 2,46,400 லிட்டர்.

"இருபது லாரி மிஸ்!" என்றாள் ஒரு பெண். 12,000 லிட்டர் லாரி ஒன்று அந்தத் தெருவுக்கு வருவதைக் கோடையில் தினமும் பார்க்கிறவள். 2,46,400-ஐ 12,000-ஆல் வகுத்தால் இருபதரை. கணக்கு சரி. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்களே, அந்த ரயில் ஒரு நடையில் கொண்டு வந்தது 25 லட்சம் லிட்டர். இந்த மாதிரிப் பத்து மாடி ஒரு வருஷத்தில் பிடிப்பது ஒரு ரயில் நடை.

பிள்ளைகள் குதூகலித்தபோது மிஸ் அடுத்த கேள்வியைப் போட்டார். எட்டு வீடு, வீட்டுக்கு நாலு பேர். மொத்தம் 32 பேர். நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் குடிநீர் வடிகால் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவு. 32 × 135, நாளைக்கு 4,320 லிட்டர். 2,46,400 எத்தனை நாளைக்கு வரும்?

ஐம்பத்தேழு நாள்.

"அவ்வளவுதானா?" என்றான் படிக்கட்டு அறையைக் கழிக்கச் சொன்ன பையன். முகம் சுருங்கிவிட்டது. போஸ்டரில் சிரிக்கும் நீர்த்துளி இந்த இடத்தைக் காட்டுவதில்லை.

மாடியில் வடாம் காயப்போட வந்திருந்த தாத்தா ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த இடத்துல முன்னாடி எங்க தனி வீடு இருந்துது கண்ணு. டி.டி.கே. சாலையை மவுப்ரேஸ் ரோடுன்னு சொன்ன காலம். அப்பா, அம்மா, நாங்க மூணு பேர். ஒரே கிணறு. தண்ணிக்குன்னு நாங்க வெளியில போனதா ஞாபகமே இல்லை" என்றார்.

"அஞ்சு பேரா தாத்தா?" என்று கேட்டுவிட்டு, அதே பையன் உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். ஐந்து பேர், ஆளுக்கு 135 லிட்டர், நாளைக்கு 675. அதை 365-ஆல் பெருக்க வந்தது 2,46,375. பிடிக்கக்கூடிய தண்ணீர் 2,46,400. இருபத்தைந்து லிட்டர், அதாவது ஒன்றரை வாளி மிச்சம்!

எண்கள் இவ்வளவு நெருங்கி வந்தது தற்செயல்தான். அந்தக் காலத்தில் 135 லிட்டர் யாரும் செலவழித்திருக்கவும் மாட்டார்கள். தாத்தா வீட்டு மாடி முழு கிரவுண்டும் இல்லை. மிச்ச மழை தோட்டத்து மண்ணில் இறங்கியிருக்கும். ஆனாலும் ஆழ்வார்பேட்டைக்கு என்ன ஆனது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதே ஒரு கிரவுண்டு. அதே மழை. மாடிக்கு மேல் மாடி வைத்து ஆட்களை அடுக்கலாம். வானத்தை அடுக்க முடியாது.

ஐம்பத்தேழு நாளாவது கிடைக்கிறதா என்றால், அதற்குத்தான் இரண்டாவது பாடம். அதில் பெருக்கல் கிடையாது. வாளி மட்டும் போதும்.

மாடியின் நான்கு மூலையிலும் தண்ணீர் இறங்கும் வாய்கள். ஒவ்வொன்றும் தோராயமாகக் கால் பங்கு மாடியின், அதாவது 55 சதுர மீட்டரின் மழையை வாங்கும்படி சரிவு விட்டிருக்கிறார்கள். மிஸ் மூன்று பேரைக் கீழே அனுப்பினார். மேலே இருப்பவர்கள் ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி 'விட்டாச்சு!' என்று கத்த வேண்டும். அது எங்கே வெளியே வருகிறது என்று கீழே இருப்பவர்கள் பார்க்க வேண்டும்.

முதல் வாய், தெரு. இரண்டாவது வாய், அதுவும் தெருதான். வாட்ச்மேன் கால் நனைந்தது. மூன்றாவதில் ஊற்றிய தண்ணீர் எங்கேயும் வரவில்லை. சற்று நேரம் கழித்து முழங்கால் உயரத்தில் குழாயின் இணைப்பில் கசிந்தது. அடியில் வேப்பஞ்சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நாலாவது மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த மழைநீர்க் குழிக்குப் போனது.

ஆக, காகிதத்தில் 2,46,400. குழிக்குப் போவது அதில் கால் பங்கு, 61,600. மாடிப் பரப்பை அளந்து பெருக்கிய யாரும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வாளி ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

குழி 2003-ல் தோண்டியது. அந்த வருஷம் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் கொண்டு வந்தது. புதுக் கட்டடத்துக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே இருப்பவற்றுக்கும்தான். அவகாசம் சில மாதங்கள். நகரம் முழுக்க ஒரே நேரத்தில் பிளம்பர் தேடியதில், பல வீடுகளில் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் என்று ஒரு குழி வெட்டி, கூழாங்கல் கொட்டி, மேலே மூடி போட்டு முடித்தார்கள். சட்டத்தால் நன்மை இல்லாமல் இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல பகுதிகளில் கிணறுகளின் நீர்மட்டம் ஏறியது. ஆனால் அந்த அளவிலான குழியின் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்த்தபோது சங்கடமாகத்தான் இருந்தது.

மூன்றடிக் கனசதுரம் 27 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 764 லிட்டர். ஆனால் அதில் கல் நிரம்பியிருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் தண்ணீர் நிற்கும். அது நூற்றுக்கு 40 பங்கு இருக்கும். ஆக, புதிதாக வெட்டியபோது கொள்ளளவு 306 லிட்டர். இப்போது? 15 லிட்டர் வாளியால் ஊற்றிப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது வாளியில் தளும்பிவிட்டது. 180 லிட்டர். மிச்ச இடத்தை இத்தனை வருஷத்து வண்டல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நிரம்பினால் என்ன, மண் உறிஞ்சிக்கொள்ளாதா? அதையும் பார்த்தார்கள். ஒரு பி.வி.சி. துண்டைக் கற்களுக்கு நடுவே செருகி, தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டு, ஒரு மணி நேரம் விட்டார்கள். அதற்குள் தாத்தா வீட்டிலிருந்து மோர் வந்தது. மட்டம் இறங்கியது இரண்டு சென்டிமீட்டர். குழியில் கல்லே இல்லை என்று வைத்துப் பெருக்கினாலும் 17 லிட்டர்தான் மண்ணுக்குள் போயிருக்கிறது.

இப்போது மழையை வரவழைத்துப் பாருங்கள். ஐப்பசியில் சென்னையில் ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் கொட்டுவது பெரிய அதிசயமில்லை. அப்போது மாடி ஏற்கெனவே ஊறியிருப்பதால் விகிதத்தை 0.9 என்று வைக்கலாம். 220 × 40 × 0.9. ஒரு மணி நேரத்தில் 7,920 லிட்டர். நாலாவது வாய் வழியாக மட்டும் 1,980. நிமிஷத்துக்கு 33 லிட்டர். 180 லிட்டர் குழி ஐந்தரை நிமிஷத்தில் நிரம்பி, மிச்சம் தெருவுக்குப் போகும். புதுக் குழியாக இருந்தாலும் ஒன்பது நிமிஷம்.

வருஷக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் இது புரியவே புரியாது. சென்னையின் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாள்களில், சில மணி நேரங்களில் வந்து போய்விடுகிறது. அதனால் 'வருஷத்துக்கு எவ்வளவு விழும்' என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே 'ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விழுங்கும்' என்ற கேள்வியும் இருக்க வேண்டும். விழுங்கும் வேகம் மண்ணைப் பொறுத்தது. கடற்கரையை ஒட்டிய மணலில் சின்னக் குழியே ஓரளவு தாக்குப் பிடிக்கும். மேலே களிமண் படலம் இருந்தால் அந்தப் படலத்தைத் தாண்டி, கீழே மணல் தட்டும் வரை உறை இறக்கினால்தான் தண்ணீர் போகும். உங்கள் தெருவில் என்ன மண் என்று பக்கத்தில் போர் போட்டவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

"அப்ப நம்ம பில்டிங்குக்கு என்னதான் பண்றது மிஸ்?"

பதில் கார் பார்க்கிங்கில், ஒரு சிமென்ட் பலகைக்குக் கீழே இருந்தது. தாத்தா வீட்டுப் பழைய உறை கிணறு. பில்டர் அதைத் தூர்க்காமல் மூடி மட்டும் போட்டிருந்தார். வாட்ச்மேனும் தாத்தாவும் அருகில் நிற்க, பலகையின் சின்னத் திறப்பு வழியாகக் கல் கட்டிய கயிற்றை இறக்கினார்கள். தண்ணீர் ஏழு மீட்டர் கீழே. அடி ஒன்பது மீட்டரில். விட்டம் ஒன்றரை மீட்டர்.

வட்டத்தின் பரப்பு எதற்குப் படிக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இதோ. 3.14 × 0.75 × 0.75, அதாவது 1.766 சதுர மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு 1,766 லிட்டர் பிடிக்கும். நான்கு வாய்களின் தண்ணீரும், அந்த ஒரு மணி நேர 7,920 லிட்டரும் இதற்குள் வந்தால், மட்டம் நாலரை மீட்டர் ஏறும். ஏழு மீட்டர் பள்ளத்தில் இருந்த தண்ணீர் இரண்டரை மீட்டருக்கு வந்து நிற்கும். நிரம்பி வழியாது. நிற்கிற நேரத்தில் உறைகளின் இடுக்கு வழியாகவும் அடி வழியாகவும் சுற்றியுள்ள மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குழி ஐந்தரை நிமிஷத்தில் கைவிட்ட வேலையைக் கிணறு ஒரு மணி நேரமும் செய்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பல்ல. ஆழ்வார்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மந்தைவெளியில் 2002 முதல் மழை இல்லம் ஒன்று இயங்குகிறது. அதை அமைத்த ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் சேகர் ராகவன் இயற்பியல் படித்தவர். தொண்ணூறுகளில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் மழைநீரைப் பற்றிப் பேசத் தொடங்கியவர். இருக்கும் திறந்த கிணற்றை மூடாதீர்கள், மாடித் தண்ணீரை அதில் விடுங்கள் என்பது அவர் பல வருஷமாகச் சொல்லி வருவது.

விடுவதிலும் பக்குவம் உண்டு. முதல் மழை மாடியைக் கழுவும் மழை. புறா எச்சம், தூசி, சருகு எல்லாம் அதில்தான் வரும். முதல் இரண்டு மில்லிமீட்டரைத் தனியே வெளியேற்றினால் நல்லது. இந்த மாடிக்கு அது 440 லிட்டர். குழாயில் ஒரு திருகு வால்வு வைத்து, மழைக்காலம் தொடங்கும்போது திறந்து விட்டு, தெளிந்ததும் மூடலாம். கிணற்றுக்கு முன்னால் கூழாங்கல்லும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி வேண்டும். அதைக் கல் எடுத்துக் கழுவும்படி மேலாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் சில வருஷத்தில் கேட்டருகே இருந்த குழியின் கதிக்கு வந்துவிடும். நான்கு வாய்களையும் சேர்க்கும் கிடைக் குழாய் ஆறு அங்குலம் இருக்கட்டும். கிணற்றின் கழுத்தருகே தெரு வடிகாலுக்கு ஒரு வழிந்தோடும் குழாய் அவசியம். கார்த்திகையில் கிணறே இரண்டு மீட்டரில் நிற்கும்போது ஒரு பெருமழை வந்தால், அந்த வழி இல்லாமல் கார் பார்க்கிங் குளமாகிவிடும். வடிகட்டியை நம்பி வண்டி கழுவும் தண்ணீரையோ, கழிவுநீரையோ இந்தக் குழாயில் இணைக்கக் கூடாது. அது வேறு பாதை.

பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நான்கு வாய்களும் எங்கே போகின்றன என்று படம் போட்டு, லிப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அசோசியேஷன் செகரெட்டரி அதை நின்று படித்தார். "நாலாவது நம்பர் மட்டும்தான் வேலை செய்யுதா? நான் நாலும் குழிக்குப் போகுதுன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்" என்றார். குழாய் இழுத்தால் இரண்டு கார் நிறுத்தும் இடத்தைத் தோண்ட வேண்டும். அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும் பேச வேண்டும். அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது குழாயின் அடைப்பை எடுக்கக் கூட்டம் தேவையில்லை என்று அன்று மாலையே பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

மிஸ் அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். 1,400 என்பது நீண்ட காலச் சராசரி, தங்கள் மாடியின் அளவு அல்ல. அதனால் ஒவ்வொருவரும் நேர்ப்பக்கச் சுவருள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, மழை நின்றதும் ஸ்கேலால் மில்லிமீட்டர் பார்த்துக் குறிக்க வேண்டும். கிணற்றில் வாரம் ஒருமுறை, மிஸ்ஸோ தாத்தாவோ கூட இருக்க, கயிறு இறக்கி மட்டத்தையும் எழுத வேண்டும்.

"டப்பா சின்னதா இருந்தா மழை கம்மியா காட்டாதா மிஸ்?" என்று கேட்டாள் லாரிக் கணக்குச் சொன்ன பெண்.

"சின்ன டப்பா ஒண்ணு, பெரிய டப்பா ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை. மழை வந்ததும் ரெண்டோட உயரத்தையும் எழுதிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றார் மிஸ்.